இரவு அமைதி நேரமும் அவசர அழைப்பு வரிசையும்: பணியாளர்களுக்கான சுற்றறிக்கை

பெறுநர்: மென்பொருள், சர்வர் பராமரிப்பு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளின் பணியாளர்கள் அனைவரும்
நடைமுறைக்கு வரும் நாள்: 3 நவம்பர் 2025, திங்கட்கிழமை

ஆம்னி பேருந்து நிறுவனங்களுக்கு முன்பதிவு மென்பொருள் நடத்தும் நமக்கு இரவு பத்து மணி என்பது பணி முடியும் நேரம் அல்ல. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பேருந்துகளில் பல இரவு 9 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையில்தான் புறப்படுகின்றன. எனவே பிற அலுவலகங்களைப் போல மாலையிலேயே அமைதி நேரத்தைத் தொடங்க இயலாது. நமது அமைதி நேரம் இரவு 11.30 மணி முதல் காலை 6.30 மணி வரை என வரையறுக்கப்படுகிறது. புறப்பாட்டு நேரம் முடியும்வரை மாலைப் பணிக்குழு அலுவலகத்திலேயே இருக்கும். அதன் பின்னர், கீழே விவரிக்கப்படும் அவசரங்கள் தவிர வேறு எதற்காகவும் எந்தப் பணியாளரின் கைப்பேசியும் ஒலிக்கக் கூடாது.

இரவு அழைப்புகளின் பதிவேட்டைப் பார்த்தால், டிஸ்க் எண்பது சதவீதம் நிரம்பியது, அறிக்கை தயாரிக்கும் வேலை தாமதமானது, சோதனை சர்வர் நின்றது போன்றவையே அதிகம் காணப்படுகின்றன. அழைக்கப்பட்டவர் எழுந்து, திரையைப் பார்த்து, “காலையில் பார்க்கலாம்” என்று எழுதிவிட்டு மீண்டும் படுத்திருக்கிறார். காலையில் பார்க்கலாம் என்று முடிகிற செய்தி காலையிலேயே வந்தால் போதுமானது. இப்படிப்பட்ட அழைப்புகள் தொடர்ந்து வந்தால், உண்மையான அவசரத்தின் அழைப்பையும் அரைத்தூக்கத்தில் துண்டித்துவிடும் பழக்கம் ஏற்படும் என்பதே நிர்வாகத்தின் பெரிய கவலை.

பின்வருவன மட்டுமே இரவு அவசரமாகக் கொள்ளப்படும். முதலாவது, ஓட்டுநர் செயலியில் பயணிகள் சார்ட் திறக்காமல் போவது. திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஏறுமிடங்களில் நள்ளிரவுக்குப் பின்னரும் பயணிகள் காத்திருப்பதால், சார்ட் இல்லாத பேருந்து அவர்களை விட்டுவிட்டுச் சென்றுவிடக்கூடும். இரண்டாவது, பணம் பெறும் வழிகள் அனைத்தும் ஒருசேர நின்றுபோவது அல்லது ஒரே இருக்கை இருவருக்கு விற்கப்படுவது. ஒரு பயணியின் பணம் பிடிக்கப்பட்டு டிக்கெட் வராமல் போனால் அது வருத்தத்திற்குரியதே. ஆயினும் தனியொரு நிகழ்வுக்காக இரவில் எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. மூன்றாவது, பயணிகளின் தரவு வெளியேறியதாகவோ சர்வருக்குள் அந்நியர் நுழைந்ததாகவோ ஐயம் எழுவது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, இத்தகைய நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், இதை விடியும்வரை வைத்திருக்க முடியாது.

புதிய எச்சரிக்கை ஒன்றை அவசரப் பட்டியலில் சேர்க்க விரும்புபவர், அது ஒலித்தவுடன் இரவில் செய்யக்கூடிய முதல் செயல் என்ன என்பதை எழுதித் தர வேண்டும். அப்படி எழுத ஒன்றும் இல்லையெனில், அது இரவில் எழுப்பத் தகுதியுள்ள எச்சரிக்கை அல்ல.

எச்சரிக்கைகளைப் பிரிக்கும் பணியை அலர்ட்மேனேஜர் செய்யும். அதன் நேர வரம்பு நள்ளிரவைத் தாண்டிச் செல்லாது என்பதால் இரவை இரண்டு துண்டுகளாக எழுத வேண்டும். இடம் குறிப்பிடாவிட்டால் நேரம் யுடிசியில் கணக்கிடப்பட்டு, நமது அமைதி நேரம் அதிகாலை 5 மணிக்குத்தான் தொடங்கும் என்பதையும் கவனிக்கவும்.

```yaml
time_intervals:
  - name: night
    time_intervals:
      - location: "Asia/Kolkata"
        times:
          - start_time: "23:30"
            end_time: "24:00"
          - start_time: "00:00"
            end_time: "06:30"
route:
  receiver: team-chat
  routes:
    - matchers: ['severity="critical"']
      receiver: oncall-phone
    - matchers: ['severity!="critical"']
      receiver: team-chat
      mute_time_intervals: [night]
```

அமைதி நேரம் முடிந்தபின்னும் நீடிக்கும் எச்சரிக்கைகள் காலையில் தாமாகவே வந்து சேரும். இரவிலேயே தோன்றி மறைந்தவை வராது. ஆகவே, காலைப் பணிக்கு வருபவர் முதல் வேலையாகக் கண்காணிப்பு மென்பொருளான பிராமிதியஸில் `ALERTS` தொடரை எடுத்து இரவு முழுவதையும் பார்வையிட வேண்டும். எச்சரிக்கை அமைப்பே செயலிழந்தாலும் இரவு அமைதியாகத்தான் இருக்கும் என்பதால், எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கை, மேலே காட்டப்படாத, அமைதி நேரத்திற்கு உட்படாத தனி வழியில் வெளியிலுள்ள கண்காணிப்புச் சேவைக்கு அனுப்பப்படுகிறது. அது ஐந்து நிமிடம் வராமல் நின்றால், அந்தச் சேவை, அந்த வாரம் இரவு அழைப்புகளை ஏற்கும் ஆன்கால் பணியாளரை நேரடியாக அழைக்கும்.

அவசரம் ஏற்பட்டால் அழைப்பு முதலில் அந்த வார ஆன்கால் பணியாளருக்குச் செல்லும். அவர் பத்து நிமிடத்திற்குள் எண் 1-ஐ அழுத்தி ஏற்காவிட்டால் இரண்டாம் பணியாளருக்கும், மேலும் பத்து நிமிடம் கழித்துச் செயல்பாட்டுத் தலைவருக்கும், அதன்பின் தொழில்நுட்ப இயக்குநருக்கும் செல்லும். தரவுக் கசிவு ஐயத்தில் மட்டும் நால்வருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகும். ஆன்கால் பணியாளர்கள் கைப்பேசியின் “தொந்தரவு செய்யாதே” வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவசர எண்ணை ஆண்ட்ராய்டில் நட்சத்திரமிட்ட தொடர்பாகச் சேர்த்து, அத்தகைய தொடர்புகளின் அழைப்புக்கு விலக்கு அளித்திருக்க வேண்டும். ஐபோனில் அந்தத் தொடர்பின் ரிங்டோன் அமைப்பில் “எமர்ஜென்சி பைபாஸ்” இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை பகல் 11 மணிக்கு இது சோதித்துப் பார்க்கப்படும்.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் அமைதி நேரத்தில் பேருந்து நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டிய தானியங்கிப் பதில் இது:

“வணக்கம். தங்கள் செய்தி வந்து சேர்ந்தது. இரவு 11.30 முதல் காலை 6.30 வரை இந்தச் செய்திகளை எவரும் பார்ப்பதில்லை. காலை 9 மணிக்குள் பதில் அளிப்போம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தின் சார்ட் திறக்கவில்லை என்றாலோ, ஒரே இருக்கை இருவருக்குப் பதிவாகியிருந்தாலோ, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலுள்ள இரவு அவசர எண்ணை அழைக்கவும்.”

பயணிகளுக்கான பதில்:

“வணக்கம். தங்கள் புகார் பதிவாகியுள்ளது. காலை 9 மணிக்குள் தொடர்பு கொள்வோம். யுபிஐ மூலம் பணம் பிடிக்கப்பட்டு எங்களுக்கு வந்து சேராவிட்டால், ரிசர்வ் வங்கி விதியின்படி ஐந்து நாட்களுக்குள் அது தங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். இன்றிரவு பயணம் செய்பவர்கள் பேருந்து பற்றிய தகவலுக்கு, டிக்கெட்டில் அச்சிட்டுள்ள பேருந்து நிறுவன எண்ணை அழைக்கவும்.”

ஒருவருக்கு ஓரிரவில் ஒரு முறை மட்டுமே இப்பதில் செல்லும். `Auto-Submitted` தலைப்புடன் வரும் அஞ்சல்களுக்கும், வங்கி மற்றும் பேமென்ட் கேட்வே அனுப்பும் இயந்திர அஞ்சல்களுக்கும் பதில் செல்லாது. சென்றால் இரண்டு இயந்திரங்கள் விடியவிடியப் பேசிக்கொண்டிருக்கும்.

மேலாளர்களுக்கு ஒன்று தெளிவாகக் கூறப்பட வேண்டும். இரவில் தோன்றும் யோசனையைக் குழுவில் அப்போதே பகிர வேண்டிய அவசியம் இல்லை. மின்னஞ்சலை ஷெட்யூல் செய்து காலையில் அனுப்பலாம். அமைதி நேரத்தில் வந்த செய்திக்குப் பதில் தராதது எவருடைய பணி மதிப்பீட்டிலும் இடம்பெறாது.

ஆன்கால் பணி திங்கள் காலை 10 மணிக்குக் கைமாறும். ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு வாரங்கள் தரப்படாது. ஓர் இரவுக்கு 600 ரூபாய் படி வழங்கப்படும். இரவில் எழுப்பப்பட்டவர் மறுநாள் பிற்பகல் 1 மணிக்குப் பணிக்கு வந்தால் போதும். அதற்காக விடுப்பு கழிக்கப்படாது. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய மூன்று இரவுகளில் பேருந்துகளும் சிக்கல்களும் மிகும் என்பது முன்கூட்டியே தெரிந்ததே. அந்நாட்களில் தூங்குபவரை எழுப்புவதற்குப் பதிலாக, விழித்திருக்கும் இருவர் இரவுப் பணியில் அமர்த்தப்படுவார்கள்.

அவசரமல்லாத காரணத்திற்காக எவரேனும் எழுப்பப்பட்டால், அந்த எச்சரிக்கையின் பெயரை மறுநாள் பராமரிப்புக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். அடுத்த இரவு தொடங்கும் முன் அது அவசரப் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

செயல்பாட்டுத் தலைவர்