பூசைச் சாமான் கடைக்கு நடைமுறை மூலதனக் கடன் கேட்டு விண்ணப்பம்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்
10 ஆகஸ்ட் 2026

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
ரோஸ் ஹில் கிளை.

பொருள்: 8,00,000 ரூபாய் நடைமுறை மூலதனக் கடன் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ரோஸ் ஹில் சந்தைக்குப் பக்கத்தில் பூசைச் சாமான், மளிகைக் கடை நடத்துகிறேன். பதினோரு ஆண்டுகளாக உங்கள் கிளையில்தான் கடையின் நடப்புக் கணக்கு இருக்கிறது. போன மாதம் நேரில் வந்தபோது, விவரத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னீர்கள். அதன்படி எழுதுகிறேன். வங்கியின் ஆங்கிலப் படிவத்தையும் நிரப்பி இணைத்திருக்கிறேன்.

கடையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை. பணம் வெளியே போகும் மாதமும் திரும்பி வரும் மாதமும் வேறு வேறாக இருப்பதுதான் சிக்கல். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் தொடங்கி, தீபாவளி, பிறகு தைப்பூசக் காவடி என்று வரிசையாக வரும் மாதங்களில்தான் எங்கள் ஆண்டு விற்பனையில் பெரும்பகுதி நடக்கிறது. இதில் தீபாவளிக்கும் காவடிக்குமான சரக்குக்கு செப்டம்பரிலேயே சென்னை வியாபாரிக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். முன்பெல்லாம் சரக்கை அனுப்பிவிட்டு மூன்று மாதம் தவணை தருவார்கள். சென்ற ஆண்டு முதல் பாதிப் பணம் முன்பணமாகவும், மீதி கப்பல் ஆவணம் கைக்கு வரும்போதும் வேண்டும் என்கிறார்கள். இங்கேயோ கோயில்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டு, திருவிழா முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான் தருகின்றன. ஒரு கோயிலும் இதுவரை பாக்கி வைத்ததில்லை. ஆனால் அதுவரை நான் தாங்க வேண்டும்.

கையில் பணம் போதாததால் சென்ற காவடிக்குக் குறைவாகவே வரவழைத்தேன். காவடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ரோஜா நிற வேட்டியும் புடவையும் தீர்ந்துவிட்டன. பால்குடச் செம்பும் அப்படித்தான். செம்பு வாங்க வருகிறவர்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை; கடையிலேயே தண்ணீர் ஊற்றி, அடியில் விரலை வைத்து ஈரம் கசிகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பல மணி நேரம் வெயிலில் நடந்தாலும் பால் திரியக் கூடாது, ஒரு சொட்டும் சிந்தக் கூடாது என்பது அவர்கள் வேண்டுதல். கனமான நல்ல பித்தளை கேட்டு வந்த குடும்பங்களை வெறுங்கையோடு அனுப்பியது எனக்குப் பெரிய வருத்தம். 2027 காவடிக்கு அந்த நிலை வரக் கூடாது.

திட்டச் சுருக்கம்

மொத்தத் தேவை 10,50,000 ரூபாய். இதில் 2,50,000 என் சொந்தப் பணம்; அது என் கணக்கிலேயே இருக்கிறது. மீதி 8,00,000-ஐத்தான் கடனாகக் கேட்கிறேன்.

சரக்கு (செம்பு, வேல், கற்பூரம், சாம்பிராணி, துணி, மளிகை): 7,00,000
கப்பல் கூலி, துறைமுகச் செலவு, வாட் வரி: 2,25,000
பண்டிகைக் காலக் கூடுதல் ஆள் கூலி: 80,000
வாடகை, மின்சாரம்: 45,000

முழுத் தொகையும் ஒரே நாளில் வேண்டாம். செப்டம்பர் முதல் வாரம் 1,00,000 போதும். என் பணத்தோடு சேர்த்து அது முன்பணமாகப் போகும். கப்பல் ஆவணம் வந்ததும் 3,50,000, சரக்கு போர்ட் லூயிஸ் வந்ததும் 2,25,000, மீதி 1,25,000 டிசம்பர் தொடக்கத்தில். எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி போடும்படி அமைத்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இந்தச் சரக்கின் விற்பனை, வாட் நீங்கலாக, 13,80,000 ரூபாய் வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன். நாலில் ஒரு பங்கு தேங்கினாலும் 10,35,000 வரும்; அசலையும் வட்டியையும் கட்ட அது போதும். தேங்குவதும் பெரும்பாலும் பித்தளையாகவே இருக்கும், அது கெட்டுப்போகாது. புயல் காலம் நவம்பரில் தொடங்கிவிடும், துறைமுகம் மூடினால் சரக்கு நின்றுவிடும் என்பதால் அக்டோபர் கடைசிக்குள் இறக்கிவிடும்படி சொல்லியிருக்கிறேன்.

திருப்பிச் செலுத்துவது: நவம்பர் வரை வட்டி மட்டும். அப்புறம் டிசம்பரில் 1,00,000, சனவரியில் 2,50,000, பிப்ரவரியில் 2,50,000. கோயில் பணம் முழுதும் வந்து சேரும் மார்ச்சில் கடைசி 2,00,000. இடையில் வட்டியை மாதாமாதம் கட்டிவிடுவேன்.

அடமானம் வைக்க எனக்கு நிலமோ வீடோ இல்லை. உங்கள் கிளையில் உள்ள 2,00,000 ரூபாய் வைப்புத்தொகையையும், காப்பீடு செய்த கடைச் சரக்கையும் பிணையாகத் தருகிறேன். அரசு வேலையில் இருக்கும் என் கணவரும் உத்தரவாதக் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்.

வணிகப் பதிவுச் சான்று, மூன்று ஆண்டு கணக்கு, வாட் கணக்குத் தாக்கல் நகல், சென்னை வியாபாரியின் விலைப்பட்டியல், இரண்டு கோயில்களின் கொள்முதல் கடிதம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். சரக்கையும் பேரேட்டையும் பார்க்க உங்கள் அதிகாரி எந்த வேலை நாளிலும் கடைக்கு வரலாம். முன்பணம் அனுப்பக் கடைசி நாள் செப்டம்பர் 7 என்பதால், இம்மாதக் கடைசிக்குள் உங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. வள்ளியம்மா
கடை உரிமையாளர்