கடைமடை: விளையாட்டு விதிகள்

3 அல்லது 4 பேர். வயது 8 முதல். ஓர் ஆட்டம் அரை மணி நேரம்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அணைகளின் கீழே நீங்கள் நெல் வயல் போடுகிறீர்கள். தண்ணீர் மேலணையிலிருந்து கீழே வரும். மேலே உள்ள வயலுக்குத் தண்ணீர் நிச்சயம், ஆனால் புள்ளி குறைவு. கீழே போகப் போகப் புள்ளி ஏறும், ஆனால் அங்கே தண்ணீர் வந்து சேருமா என்பது மற்றவர்கள் கையில் இருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு பருவம் முடிந்ததும் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் வெற்றி பெறுவார்.

இதை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் படிக்கப் படிக்கச் சீட்டைக் கையிலெடுத்துச் செய்யுங்கள். முழுதும் படித்து முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் பாதியில் யாராவது காப்பி போட எழுந்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அணைச் சீட்டு 8. இவை மற்றவற்றைவிடப் பெரியவை. மேலிருந்து கீழாக: 1 கோடைமேலழகியான், 2 நதியுண்ணி, 3 கன்னடியன், 4 அரியநாயகிபுரம், 5 பழவூர், 6 சுத்தமல்லி, 7 மருதூர், 8 ஸ்ரீவைகுண்டம்.

வயல் சீட்டு 40. ஒவ்வொன்றிலும் 1 முதல் 8 வரை ஓர் எண் இருக்கும். ஒவ்வோர் எண்ணிலும் ஐந்து சீட்டு. 6 என்று போட்டிருந்தால் அது சுத்தமல்லி அணைக்குக் கீழே உள்ள வயல்.

மழைச் சீட்டு 16. இதில் 8 சாரல், 8 கனமழை. சாரல் ஒரு பங்கு தண்ணீர் தரும், கனமழை மூன்று பங்கு.

பெட்டியில் இல்லாதது ஒன்று: புளியமுத்து. வீட்டில் 40 முத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முத்து ஒரு பங்கு தண்ணீர். எந்த ஆட்டத்திலும் 40க்கு மேல் தேவைப்படாது. புள்ளி எழுத ஒரு தாளும் பேனாவும் வேண்டும்.

வெள்ளச் சீட்டு வைக்கவில்லை. 2023 டிசம்பரில் இங்கே இருந்தவர்கள் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுக்கி வைத்தல்

1. அணைச் சீட்டு எட்டையும் 1 முதல் 8 வரை வரிசையாகத் தரையில் வையுங்கள். இதுதான் ஆறு.

2. 1ஆம் அணைக்கு மேலே புளியமுத்தைக் குவியுங்கள். கார் பருவத்தில் மூன்று பேர் ஆடினால் 3 முத்து, நான்கு பேர் என்றால் 4. இது ஆற்றில் ஏற்கெனவே ஓடும் தண்ணீர்.

3. வயல், மழை இரண்டையும் சேர்த்து 56 சீட்டையும் நன்றாகக் கலைத்து, ஆளுக்கு 8 சீட்டு கவிழ்த்துப் போடுங்கள். மீதிக் கட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் பருவத்தில் அதைத் தொட வேண்டியதில்லை.

4. உங்கள் சீட்டை நீங்கள் மட்டும் பாருங்கள். கை மோசமாக இருக்கிறது என்று மறுபடி போடச் சொல்ல முடியாது.

உங்கள் முறை வந்தால்

அன்று விருந்தாளியாக வந்தவர் முதலில் ஆடுவார். விருந்தாளி இல்லாவிட்டால் வயதில் இளையவர். அப்புறம் வலப்பக்கமாகச் சுற்றி வரும்.

உங்கள் முறையில் கையிலிருந்து ஒரே ஒரு சீட்டை இறக்க வேண்டும். இறக்க இரண்டே வழி.

*வயல் போடுவது.* வயல் சீட்டு ஒன்றை உங்கள் முன்னால் திறந்து வையுங்கள். எந்த எண் வேண்டுமானாலும் போடலாம், வரிசை தேவையில்லை, ஒரே எண்ணில் இரண்டு மூன்றுகூடப் போடலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

*மேகம் போடுவது.* கையில் உள்ள ஏதாவது ஒரு சீட்டை யாருக்கும் காட்டாமல் நடுவில் கவிழ்த்து வையுங்கள். எல்லோருடைய மேகச் சீட்டும் ஒரே குவியலில் சேரும். அது மழைச் சீட்டாக இருந்தால் பருவக் கடைசியில் ஆற்றில் தண்ணீர் கூடும். வயல் சீட்டையும் மேகமாகக் கவிழ்க்கலாம். அது வெறும் மேகம், ஒரு சொட்டும் தராது. மழைச் சீட்டை மட்டும் திறந்து வைக்கக் கூடாது.

ஏன் ஒருவர் வெறும் மேகம் போட வேண்டும்? மழை வருகிறது என்று நம்பி மற்றவர்கள் கீழணையில் வயல் போடட்டும் என்றுதான். கையில் உள்ள வயல் எதுவும் தேறாது என்று தோன்றும்போதும் அப்படிக் கழித்துவிடலாம்.

பேசலாம். பொய்யும் சொல்லலாம். "நான் போட்டது கனமழைதாம்ல, நம்பி எட்டுல போடு" என்று சொல்லிவிட்டு வெறும் மேகம் போடுவதில் தவறில்லை. சீட்டைக் காட்டுவது மட்டும் தவறு.

முறையை விட்டுக்கொடுக்க முடியாது. ஒவ்வொருவரும் 6 சீட்டு இறக்கியதும் பருவம் முடிந்தது. கையில் மிஞ்சும் 2 சீட்டைக் காட்டாமல் மீதிக் கட்டில் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் திறப்பு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஆட்டமே இதில்தான்.

முதலில் மேகக் குவியலைக் கலைத்துவிட்டுத் திறங்கள். யார் எதைப் போட்டார் என்று கடைசிவரை தெரியக் கூடாது. ஒவ்வொரு சாரலுக்கும் 1 முத்து, கனமழைக்கு 3 முத்து எடுத்து ஆற்றுக் குவியலில் சேருங்கள்.

இப்போது 1ஆம் அணையிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் "ஒண்ணு!" என்று கூப்பிட, அந்த எண் வயல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எத்தனை என்று சொல்ல வேண்டும். வயலுக்கு ஒரு முத்து வீதம் குவியலிலிருந்து எடுத்து வயல் சீட்டின் மேல் வையுங்கள். அந்த வயல் விளைந்தது. வயலே இல்லாத அணையைத் தாண்டிப் போங்கள். இப்படியே 8 வரை.

ஓர் அணையில் இருக்கும் வயல் *எல்லாவற்றுக்கும்* போதுமான முத்து இல்லை என்றால், அந்த அணையில் *ஒரு வயலுக்கும்* தண்ணீர் கிடையாது. இருக்கும் முத்து அப்படியே அடுத்த அணைக்குப் போகும். பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரைக் காயப்போடுவது இல்லை. (நிஜத்தில் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு வேறு கணக்கு உண்டு. இது சீட்டு.)

8ஆம் அணை தாண்டியும் முத்து மிஞ்சினால் அது புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. யாருக்கும் பயனில்லை.

புள்ளி

விளைந்த வயலுக்கு அதன் எண்ணே புள்ளி. மருதூர் விளைந்தால் 7. காய்ந்த வயல் எதுவானாலும் 2 புள்ளி கழியும், விதைநெல் போனதற்கு. மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம்.

ஒரு பருவம் முழுதாக

ஆச்சி, மாமா, இசக்கி மூன்று பேர் கார் பருவம் ஆடுகிறார்கள். ஆறு சுற்றும் முடிந்தபோது முன்னால் இருக்கும் வயல்கள்:

ஆச்சி: 1, 2, 2, 7
மாமா: 4, 4, 5, 8
இசக்கி: 3, 5, 5, 6, 8

மேகத்தில் ஐந்து சீட்டு. திறந்து பார்த்தால் ஒரு கனமழை, இரண்டு சாரல், இரண்டு வெறும் மேகம். மழை 5 முத்து, ஆற்றில் முன்பே இருந்தது 3, ஆக 8.

ஒண்ணு: ஆச்சியின் வயல் ஒன்று. மிச்சம் 7.
ரெண்டு: ஆச்சிக்கே இரண்டு. மிச்சம் 5.
மூணு: இசக்கிக்கு ஒன்று. மிச்சம் 4.
நாலு: மாமாவுக்கு இரண்டு. மிச்சம் 2.
அஞ்சு: மாமாவுக்கு ஒன்று, இசக்கிக்கு இரண்டு, மொத்தம் மூன்று வயல். இருப்பதோ 2 முத்து. மூன்றும் காய்ந்தன. 2 முத்தும் கீழே போகின்றன.
ஆறு: இசக்கிக்கு ஒன்று. மிச்சம் 1.
ஏழு: ஆச்சிக்கு ஒன்று. மிச்சம் இல்லை.
எட்டு: மாமாவும் இசக்கியும் காய்ந்தார்கள்.

ஆச்சிக்கு 1+2+2+7, 12 புள்ளி. மாமாவுக்கு விளைந்தது 8, இரண்டு வயல் காய்ந்ததால் 4 கழித்து 4. இசக்கிக்கு விளைந்தது 9, மூன்று காய்ந்ததால் 6 கழித்து 3.

இப்போது அந்த வெறும் மேகத்தில் ஒன்று சாரலாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அஞ்சாம் அணைக்கு வரும்போது 3 முத்து இருக்கும். மூன்று வயலும் குடித்துவிடும். ஆறு, ஏழு, எட்டு எல்லாம் காயும். மாமா 11, இசக்கி 9, ஆச்சி வெறும் 3. ஒரே ஒரு முத்து! வெறும் மேகம் போட்டது ஆச்சியா என்று மாமா எவ்வளவு கேட்டாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பிசானம்

கார் புள்ளியை எழுதிவிட்டு, எல்லாச் சீட்டையும் சேர்த்து மறுபடி கலைத்து ஆளுக்கு 8 போடுங்கள். ஆற்று முத்து இப்போது இரட்டிப்பு: மூன்று பேருக்கு 6, நான்கு பேருக்கு 8. வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அப்படி. காரில் அதிகப் புள்ளி எடுத்தவர் முதலில் ஆட வேண்டும். கடைசியாக ஆடுபவருக்கு மற்றவர் வயலையெல்லாம் பார்த்துவிட்டு ஆடும் வசதி உண்டு, அதை முன்னால் இருப்பவருக்கே கொடுக்க வேண்டாம். சமமாக இருந்தால் சீட்டு வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற விதி எதுவும் மாறாது.

இரண்டு பருவப் புள்ளியையும் கூட்டுங்கள். சமமாக வந்தால் பிசானத்தில் யாருக்கு அதிக வயல் விளைந்ததோ அவர் வென்றவர். அதுவும் சமம் என்றால் இருவரும் வென்றார்கள், சண்டை வேண்டாம்.

முதல் தடவை ஆடுபவர்களுக்கு

ஒரு கார் பருவத்தை எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடிப் பாருங்கள், மேகம் உட்பட. புள்ளி எழுத வேண்டாம். யாருக்காவது எங்கே எந்த முடிவு எடுக்க வேண்டும் என்று புரியவில்லை என்றால், அது அந்த ஒரு பருவத்தில் தெளிந்துவிடும்.

ஒரே அணையில் கூட்டம் சேர்வதைக் கவனியுங்கள். பழவூரில் இரண்டு பேர் வயல் போட்டுவிட்டால், மூன்றாவதாக நீங்களும் ஒன்று போட்டு அந்த அணையையே காய வைக்கலாம். உங்களுக்கு 2 போகும், அவர்களுக்கும் போகும், கீழே உங்கள் மருதூர் விளையும்.

தகராறு வந்தால்

மழைச் சீட்டைத் தெரியாமல் திறந்து வைத்துவிட்டால்? அதை அப்படியே கவிழ்த்து மேகத்தில் சேருங்கள், முறை முடிந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே நஷ்டம்.

தண்ணீர் திறக்கும்போது ஒருவர் தன் வயலைச் சொல்ல மறந்தால்? அடுத்த அணையைக் கூப்பிடுவதற்குள் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சொன்னால் அது காய்ந்த வயல்.

ஏழு வயதுப் பிள்ளை ஆடலாமா? இரண்டு பேர் ஒரு கையாகச் சேர்ந்து ஆடட்டும்.

சீட்டு தொலைந்துவிட்டால்? வயல் சீட்டு ஒன்று போனால் ஒன்றும் கெட்டுவிடாது, அப்படியே ஆடுங்கள். மழைச் சீட்டு தொலைந்தால் 1ஆம் எண் வயல் சீட்டு ஒன்றின் முகத்தில் பேனாவால் சாரல் என்றோ கனமழை என்றோ எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கம் மை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேகத்தில் கவிழ்த்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.