புதிய டிரெய்னிகளுக்கு மேலாளரின் வரவேற்புரை

எல்லாருக்கும் காலை வணக்கம். டீ வந்ததா? சரி, உட்காருங்கள்.

நம் ஹோட்டலுக்கு உங்களை மனதார வரவேற்கிறேன். கேட்டரிங் முடித்தவர்களும் இருக்கிறீர்கள், பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்களும் இருக்கிறீர்கள். வேலை எல்லாருக்கும் முதலிலிருந்துதான் ஆரம்பம்.

மதுரையில் ஹோட்டல் என்றால் விடியும் முன்பே கூட்டம் வந்துவிடும். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்த கொஞ்ச நேரத்தில், ரிசப்ஷன் முன்னால் ஒரு குடும்பம் நிற்கும். தோளில் தூங்கும் குழந்தை, முட்டிவலியோடு ஒரு பாட்டி, கை நிறையப் பைகள். நம் செக்-இன் பகல் 12 மணி. "ரூம் இல்லை சார்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டால், அப்புறம் நம் சமையலறை என்ன விருந்து போட்டாலும் அவர்கள் மனசு ஆறாது. முதலில் பாட்டிக்கு நாற்காலி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். பைகளை வாங்கி டோக்கன் போடுங்கள். முகம் கழுவ இடம் காட்டுங்கள். பிறகு ஹவுஸ்கீப்பிங்கில் கேட்டு, எத்தனை மணிக்கு அறை கிடைக்கும் என்று சொல்லுங்கள். அந்த நேரம் தள்ளிப்போனால், அவர்கள் எழுந்து வந்து கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களிடம், உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெயிலில் சித்திரை வீதியில் காத்துக்கிடப்பார்கள்.

அறை எண்ணை ஒருபோதும் சத்தமாகச் சொல்லாதீர்கள். சாவி உறையில் எழுதி, விரலால் தொட்டுக் காட்டுங்கள். தனியாக வரும் பெண்ணின் பின்னால் யார் நிற்கிறார் என்று நமக்குத் தெரியாது. "என் தங்கச்சி எந்த ரூம்?" என்று போனில் கேட்டாலும் எண்ணைச் சொல்லக்கூடாது, அந்த அறைக்குப் பேசி, அவர் சரி என்றால் மட்டும் இணைப்புக் கொடுங்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரம் அரசிடம் பதிவாக வேண்டும். அதை ஃப்ரண்ட் ஆபீஸ் பயிற்சியில் விளக்குவார்கள்.

ஹவுஸ்கீப்பிங் போகிறவர்களே, கதவைத் தட்டி, குரல் கொடுத்து, பதிலுக்குக் காத்திருங்கள். தலையணைக்கு அடியில் ஒற்றைத் தோடு கிடைத்தாலும், கவரிங்தானே என்று நினைக்காமல் தேதி, அறை எண்ணோடு பதிவேட்டில் ஏற்றுங்கள்.

இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். விருந்தினர் என்பதற்காக உங்களைத் தொடவோ, தரக்குறைவாகப் பேசவோ யாருக்கும் உரிமை கிடையாது. அப்படி நடந்தால் அந்த இடத்தைவிட்டு உடனே வெளியே வாருங்கள், டியூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்கள். நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். இரவு 2 மணியானாலும் எனக்கே போன் செய்யலாம். வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது யூனிஃபார்ம் அளவு எடுப்பார்கள். அதன்பின் அவசர வழிகளையும் தீயணைப்புக் கருவிகளையும் நடந்து பார்ப்போம். 1 மணிக்கு ஸ்டாஃப் கேன்டீனில் சாப்பாடு. நானும் அங்கேதான் சாப்பிடுவேன். கேள்வி இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.