படத்தில் உள்ள சிஎன்சி லேத்: எவ்வளவு பெரிய ஜாப், எத்தனை மைக்ரான்

முதலில் அளவு. பெட்டுக்கு மேல் ஸ்விங் 500 மி.மீ. என்று பெயர்ப்பலகையில் இருக்கிறது. அதை நம்பி 480 மி.மீ. ஜாப் கொண்டுவந்துவிடாதீர்கள். ஸ்விங் என்பது பெட்டில் இடிக்காமல் சுழலக்கூடிய விட்டம் மட்டுமே. டூல் எட்டிக் கடையக்கூடிய அதிகபட்ச விட்டம் 280 மி.மீ.; நீளம் 400 மி.மீ. சக் 200 மி.மீ. பார் 51 மி.மீ. வரை ஸ்பிண்டில் வழியாக உள்ளே போகும். உங்கள் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டியவை இந்தக் கடைசி நான்கு எண்கள்தான்.

மோட்டார் தொடர்ந்து ஓடும்போது 7.5 கிலோவாட், 30 நிமிடத்துக்கு 11 கிலோவாட். இந்த முழு சக்தி 1,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் கிடைக்கும். அதற்குக் கீழே முறுக்குவிசை தொடர்ந்து ஏறத்தாழ 72 நியூட்டன் மீட்டர், அரை மணி நேரத்துக்கு 105. கிலோவாட்டை 9,550-ஆல் பெருக்கி அந்த 1,000 ஆர்பிஎம்மால் வகுத்துப் பாருங்கள், இதே எண்கள் வரும்.

ஒரு கணக்கு. 100 மி.மீ. விட்ட ஸ்டீல், சுற்றுக்கு 0.3 மி.மீ. ஃபீட், நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம். அப்படியானால் ஸ்பிண்டில் ஏறத்தாழ 640 ஆர்பிஎம்மில் சுழலும். சதுர மில்லிமீட்டருக்கு 2,000 நியூட்டன் வெட்டுவிசை என்று வைத்தால், 3 மி.மீ. ஆழத்துக்கு 90 நியூட்டன் மீட்டர் வேண்டும். மெஷின் வெட்டும், ஆனால் நாள் முழுக்க வெட்டாது. 2 மி.மீ. ஆழத்துக்கு 60 போதும், ஷிப்ட் முழுக்க ஓட்டலாம். 3 மி.மீ. ஆழத்தில் இடைவிடாமல் ரஃபிங் செய்வதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் இதைவிடப் பெரிய மெஷின் வாங்குங்கள். விற்கிற நாங்களே இதைச் சொல்வது விற்ற பிறகு மனஸ்தாபம் வரக்கூடாது என்பதற்காகத்தான்.

இனி துல்லியம். திரையில் 0.001 என்று தெரிகிறது. அது மெஷின் ஏற்கும் மிகச் சிறிய கட்டளை. ஜாப் அந்த அளவுக்குள் வரும் என்ற உறுதி அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கிவிட்டு வருந்தியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஐஎஸ்ஓ 230-2 முறைப்படி லேசரில் அளந்தபோது எக்ஸ் அச்சின் நிலைப்பிழை 6 மைக்ரான், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்போது ஏற்படும் மறுநிலைப்பிழை 4 மைக்ரான். இசட் அச்சில் 8, 5. எக்ஸ் அச்சில் டூல் ஆரத்தின் வழியே நகர்வதால் அங்கே வரும் பிழை விட்டத்தில் இரட்டிப்பாகும். 4 மைக்ரான் என்று படித்தால் 8 என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாப்பில் பார்த்ததைச் சொல்கிறோம். ஈஎன்8 ஸ்டீலில் 40 மி.மீ. விட்டம், தொடர்ச்சியாக 50 பீஸ், இடையில் ஆஃப்செட் மாற்றவில்லை. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் வித்தியாசம் 9 மைக்ரான், திட்ட விலக்கம் 2 மைக்ரான். 40 எச்7 என்றால் விட்டத்துக்கு அனுமதிக்கப்படும் இடைவெளி 25 மைக்ரான். நடுவில் செட் செய்தால், அந்த இடைவெளிக்குள் நிற்கும் மெஷினின் திறனைக் காட்டும் சிஎம்கே 2.08. எச்6-க்கு இடைவெளி 16 மைக்ரான்தான், அப்போது 1.33. நீங்கள் 1.67 கேட்பவர் என்றால் எச்7 வரை இந்த மெஷினை நம்பலாம், எச்6-க்கு கிரைண்டிங் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 50 பீஸும் மெஷினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு எடுத்தவை. குளிர்ந்த நிலையில் தொடங்கியபோது முதல் அரை மணி நேரத்தில் விட்டம் 11 மைக்ரான் நகர்ந்தது. ஜாப்பின் சூடும் கணக்கில் வரும்: 100 மி.மீ. ஸ்டீல் 5 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சக்கிலிருந்து கழற்றிய கையோடு மைக்ரோமீட்டரை வைத்தால் அளப்பது ஜாப்பை மட்டுமல்ல, அதன் சூட்டையும்தான். வரைபட அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது.

உற்பத்தி: அதே பீஸுக்கு வெட்டு நேரம் 68 விநாடி, மாட்டிக் கழற்ற 14 விநாடி. 7 மணி நேர ஓட்டத்தில் கணக்குப்படி 307. இன்சர்ட் மாற்றுவது, இடையிடையே அளப்பது எல்லாம் சேர்த்தால் 280 என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

வாங்குவதற்கு முன் உங்கள் வரைபடத்தோடும் உங்கள் உலோகத்தில் வெட்டிய 60 துண்டுகளோடும் வாருங்கள். முதல் 10 செட்டிங்குக்கு. மீதி 50-ஐ உங்கள் ஆள், உங்கள் மைக்ரோமீட்டரால், ஜாப் ஆறிய பிறகு அளக்கட்டும். அந்தத் தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆர்டரோடு இணைத்துவிடுவோம்.