மூன்றாம் பயிற்சி: மறுமதிப்பீட்டுக்கு வேண்டுகோள்

வணக்கம் ஐயா,

மூன்றாம் பயிற்சியில் பகா எண் கேள்விக்கு ஆட்டோகிரேடர் எனக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறது. விடை சரியாகவே இருக்கிறது. `cat -A` போட்டுப் பார்த்தேன். மேலே என்னுடையது, கீழே அது எதிர்பார்த்தது:

```
2 3 5 7 $
2 3 5 7$
```

வரிக் கடைசியில் ஓர் இடைவெளி, அவ்வளவுதான். எண்களுக்கு நடுவே இடைவெளி விடச் சொன்ன வினாத்தாள், வரி முடிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. `diff -b` இரண்டுக்கும் வித்தியாசமே காட்டவில்லை. இதற்காக முழு மதிப்பெண்ணும் போவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். லூப்பை எழுதத்தான் மிகவும் உழைத்தேன்.

என் நிரலைத் தயவுசெய்து நீங்களே ஒருமுறை பார்த்துத் திருத்த முடியுமா? அப்புறம், என் வகுப்பில் வேறு சிலருக்கும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. நேரில் வரச் சொன்னால், புதன் காலை சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்து ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன்.

நன்றி ஐயா,
பிரியா
முதலாம் ஆண்டு, டர்பன்