மருந்தளவுக் கணக்கு: தாதிய, மருந்தாளர் மாணவர்களுக்கான பயிற்சி அட்டைகள்

கொழும்பு வைத்தியசாலைகளில் வார்ட் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக, வெள்ளவத்தை மாலை வகுப்பில் பயன்படுத்தும் தொகுதி இது. முன்பக்கம் வினா, பின்பக்கம் விடை. அட்டையைத் திருப்புமுன் இரண்டு வேலை. விடை எவ்வளவு வரும் என்று மனதால் மதிப்பிட்டு ஓரத்தில் எழுதுங்கள். அப்புறம் கணக்கைச் செய்யுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகினால் கல்குலேட்டரை நம்பாதீர்கள், முதலிலிருந்து பாருங்கள்.

சோடியாகப் படிப்பவர்கள் ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு அல்ல. இருவரும் தனித்தனியே போட்டு, கடைசியில்தான் விடையை ஒப்பிட வேண்டும். வார்ட்டில் லேபலும் அங்குள்ள நடைமுறையும்தான் முதலில். இவை பயிற்சிக் கணக்குகள்.

அட்டை 1: அலகு மாற்றம்

முன்பக்கம்: டிகொக்சின் 0.25 மி.கி. கொடுக்க வேண்டும். கையில் இருப்பது 62.5 மைக்ரோகிராம் குளிசை. எத்தனை?

பின்பக்கம்: முதலில் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டு வாருங்கள். 1 கிராம் = 1000 மி.கி. 1 மி.கி. = 1000 மைக்ரோகிராம். சிறிய அலகுக்கு இறங்கினால் எண் பெருகும், பெரிய அலகுக்கு ஏறினால் குறையும்.

0.25 × 1000 = 250 மைக்ரோகிராம்
250 ÷ 62.5 = 4 குளிசை

கணக்கு சரி. ஆனாலும் இங்கே நிற்க வேண்டும். ஒரு டோஸுக்கு மூன்றுக்கு மேல் குளிசை வந்தால், அல்லது ஒன்றுக்கு மேல் அம்பியூல் உடைக்க வேண்டி வந்தால், கேள்வி கேளுங்கள். டிகொக்சினில் 250 மைக்ரோகிராம் குளிசையும் உண்டு. வைத்தியர் 0.25 என்றுதான் எழுதினாரா, 0.0625 என்றா என்று நோயாளரின் கட்டில் அட்டையான பீ.எச்.டீ.யைத் திரும்பப் பாருங்கள். தசமப்புள்ளிக்கு முன் பூச்சியம் கட்டாயம் வேண்டும் (.25 என்று எழுதக் கூடாது). முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூச்சியமும் கூடாது, 5.0 என்பது 50 ஆகிவிடும். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

அட்டை 2: குளிசை

முன்பக்கம்: மெட்ஃபோமின் 1 கிராம். குளிசை 500 மி.கி.

பின்பக்கம்: 1000 ÷ 500 = 2.

அட்டை 3: பிள்ளைக்குப் பாணி மருந்து

முன்பக்கம்: காய்ச்சலோடு வந்த பிள்ளை, நிறை 12 கிலோ. பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை. போத்தலில் 5 மி.லீ.இல் 120 மி.கி. ஒரு டோஸ் எத்தனை மி.லீ.?

பின்பக்கம்:
12 × 15 = 180 மி.கி.
120 ÷ 5 = 24, அதாவது 1 மி.லீ.இல் 24 மி.கி.
180 ÷ 24 = 7.5 மி.லீ.

திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 7.5 × 24 = 180. சரி. நாள் முழுவதற்கும் பாருங்கள்: 180 × 4 = 720 மி.கி., அதை 12 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 60 மி.கி. நாளுக்கு இதுதான் உச்சம், இன்னொரு டோஸுக்கு இடமே இல்லை.

அதனால்தான் தாயிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: "அம்மா, வீட்டில கடைசியா எத்தனை மணிக்கு மருந்து குடுத்தனீங்கள்? பின்பக்கம் வைக்கிற மருந்து ஏதும் வைச்சனீங்களா?" அதுவும் பரசிட்டமோல் என்றால் அதே கணக்கில் சேரும். டெங்குக் காலத்தில் காய்ச்சல் விடவில்லை என்று இடையில் கூட்டிக் கொடுப்பதும், இபுபுரோஃபென் சேர்ப்பதும் ஆபத்து.

இன்னொரு போத்தலில் 5 மி.லீ.இல் 250 மி.கி. இருக்கும். அதிலிருந்து அதே 7.5 மி.லீ. எடுத்தால் 375 மி.கி. போய்விடும், இரண்டு மடங்குக்கு மேல். அதில் சரியான அளவு 3.6 மி.லீ. ஆகவே மி.லீ. அளவை மட்டும் தாய்க்குச் சொல்லி அனுப்பாதீர்கள். எந்தப் போத்தல் என்பதையும் காட்டி, அளவிடும் சிரிஞ்சில் கோட்டைத் தொட்டுக் காட்டுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம்.

அட்டை 4: ஊசி மருந்து

முன்பக்கம்: ஜென்டாமைசின் 60 மி.கி. அம்பியூலில் 2 மி.லீ.இல் 80 மி.கி.

பின்பக்கம்: 60 ÷ 80 × 2 = 1.5 மி.லீ. ஒரு அம்பியூலுக்குள் அடங்குகிறது.

அட்டை 5: ஹெபாரின், இன்சுலின்

முன்பக்கம்: ஹெபாரின் 5000 யூனிட். குப்பி லேபலில் "1 மி.லீ.இல் 5000 யூனிட்", குப்பியில் மொத்தம் 5 மி.லீ.

பின்பக்கம்: 1 மி.லீ. லேபலில் தெரியும் 5000 முழுக் குப்பிக்கும் உரியது என்று எண்ணிக்கொண்டால் 25,000 யூனிட் போய்விடும். லேபலில் இரண்டு எண்ணையும் வாய்விட்டு வாசியுங்கள்: ஒரு மி.லீ.இல் எவ்வளவு, குப்பி முழுவதிலும் எவ்வளவு.

இன்சுலின் 8 யூனிட், 1 மி.லீ.இல் 100 யூனிட் என்றால் 0.08 மி.லீ. அதைச் சாதாரண சிரிஞ்சில் அளக்க முடியாது, இன்சுலின் சிரிஞ்ச் மட்டுமே. யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்து யூ அவசரக் கையெழுத்தில் பூச்சியமாகத் தெரிந்தால் 8 என்பது 80 ஆகும்.

அட்டை 6: சேலைன் துளி

முன்பக்கம்: 1 லீற்றர், 8 மணித்தியாலம். செட்டில் 1 மி.லீ.க்கு 20 துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி?

பின்பக்கம்: 1000 × 20 ÷ 480 = 41.67, ஏறத்தாழ 42. குறுக்குச் சரிபார்ப்பு: மணித்தியாலத்துக்கு 125 மி.லீ., அதை 3 ஆல் வகுத்தாலும் 41.67. மைக்ரோ செட்டில் 1 மி.லீ.க்கு 60 துளி, அப்போது மணித்தியால மி.லீ.யே நிமிடத் துளி: 125. எந்த செட் என்று உறையைப் பாருங்கள்.

அட்டை 7: டோபமின் பம்ப்

முன்பக்கம்: 50 கிலோ நோயாளர். கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். சிரிஞ்சில் 50 மி.லீ.இல் 200 மி.கி. மணித்தியாலத்துக்கு எத்தனை மி.லீ.?

பின்பக்கம்:
5 × 50 × 60 = 15,000 மைக்ரோகிராம்
15,000 ÷ 1000 = 15 மி.கி.
200 ÷ 50 = 4, அதாவது 1 மி.லீ.இல் 4 மி.கி.
15 ÷ 4 = 3.75 மி.லீ.

60 ஆல் பெருக்க மறந்தால் 0.0625 வரும். 1000 ஆல் வகுக்க மறந்தால் 3750 வரும். இரண்டும் அபத்தமான எண்கள், மதிப்பீடு எழுதியவருக்கு உடனே பிடிபடும். எண்ணைப் பார்த்துப் பிடிக்க முடியாதது நிறைப் பிழை. 50ஐ 70 என்று வாசித்தால் விடை 5.25, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆகவே நிறையை மட்டும் தனியாக இன்னொரு முறை பாருங்கள்.

அட்டை 8: பிழையைக் கண்டுபிடி

முன்பக்கம்: மோர்ஃபின் 2.5 மி.கி. அம்பியூலில் 1 மி.லீ.இல் 10 மி.கி. ஒரு மாணவி 2.5 மி.லீ. என்று எழுதியிருக்கிறார். சரியா?

பின்பக்கம்: தவறு. 2.5 ÷ 10 = 0.25 மி.லீ. 2.5 மி.லீ. எடுக்க மூன்று அம்பியூல் உடைக்க வேண்டும், 25 மி.கி. போய்விடும். ஆனால் அந்த ஒரு அம்பியூலை சேலைன் சேர்த்து 10 மி.லீ. ஆக்கியிருந்தால் 1 மி.லீ.இல் 1 மி.கி., அப்போது 2.5 மி.லீ. சரியான விடை. மேசையில் கலந்து வைத்த சிரிஞ்சில் மருந்தின் பெயர், மொத்த மி.கி., மொத்த மி.லீ., கலந்த நேரம் நான்கும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத சிரிஞ்சைத் தொடாமல் பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள்.