செல்வமகள் சேமிப்புக் கணக்கு: முதன்முறை தொடங்குகிறவர்களுக்கு

மகளுக்குப் பத்து வயது நிறைவதற்குள் கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். அஞ்சலகத்திலோ வங்கியிலோ விண்ணப்பப் படிவம் இலவசமாகவே கிடைக்கும்.

கிளம்பும் முன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பலர் திரும்பி வருவது இங்கேதான். சிலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. பிறந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் முதலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா பெயரின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, சான்றிதழில் வேறு மாதிரி இருந்தாலும் கேள்வி வரும்.

சரி, பெயர் ஒத்துப்போகிறதா? அப்புறம் சான்றிதழின் அசலும் நகலும், கணக்கைத் தொடங்கும் தாய் அல்லது தந்தையின் ஆதார், பான் அட்டை நகல்கள், புகைப்படம் ஆகியவற்றோடு போங்கள். படிவத்தில் 'கணக்குதாரர்' என்றால் மகள். 'பாதுகாவலர்' என்றால் நீங்கள். கையெழுத்து உங்களுடையது.

முதல் தவணை ₹250 போதும். ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஆண்டுக்கு ₹1.5 லட்சம் வரை போடலாம். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில். ஓராண்டு குறைந்தபட்சத் தொகையான ₹250 கட்டத் தவறினால் ₹50 அபராதம்.

பாஸ்புத்தகத்தை வாங்கியதும் கவுண்டரிலேயே மகளின் பிறந்த தேதியைச் சரிபாருங்கள்.